பாதம் மறையாத ஃப்ரேம்

கையில் நிமிர்த்திப் பிடித்த போனில் எந்த வீடியோ ஓடினாலும் அதன் அகலம் திரையின் அகலம்தான். திரை 7 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். போனைப் படுக்கைவாக்கில் பிடித்து எடுத்த 16:9 வீடியோ அதில் 7 செ.மீ. அகலத்தில், 4 செ.மீ.க்குச் சற்றுக் குறைவான உயரத்தில் ஒரு பட்டையாகத் தெரியும். சதுர வீடியோ 7 செ.மீ. உயரத்துக்கு வளரும். 4:5 என்கிற சற்றே நெட்டையான வடிவம் 9 செ.மீ.யை எட்டப் பார்க்கும். முழு நெட்டை வடிவமான 9:16, ஏறக்குறைய 12 செ.மீ. உயரத்துக்கு எழுந்து திரையின் பெரும்பகுதியை நிரப்பிவிடும். நான்கிலும் அகலம் மாறவில்லை, உயரம் மட்டும்தான் மாறுகிறது.

ஷார்ட் வீடியோவுக்கு எந்த வடிவம் நல்லது என்று கேட்டால் பெரும்பாலோர் யோசிக்காமல் நெட்டை வடிவம் என்பார்கள். ஃபீடில் அதிக இடம் பிடிக்கும், பார்ப்பவர் கட்டைவிரல் நிற்கும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். நின்றபடி பேசும் ஒருவருக்கு அது முழுக்கச் சரி. மனித உடல் நெட்டையானது, ஃப்ரேமும் நெட்டையானது, இரண்டும் பொருந்திப்போகின்றன. ஆனால் எடுக்கப்போகும் பொருள் உயரத்தைவிட அகலத்தில் பெரியது என்றால், நெட்டை வடிவம் அதைத் துளியும் பெரிதாக்காது. பொருளுக்கு மேலே கொஞ்சம் சுவரையும் கீழே கொஞ்சம் தரையையும் சேர்த்துக் கொடுக்கும். கூடுதலாகக் கிடைக்கும் உயரத்தில் காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இதை ஒரு பரதநாட்டிய ஆசிரியையை வைத்துப் பார்க்கலாம். மாணவிகள் பயிற்சி செய்ய அடவுகளை ஒவ்வொன்றாகச் சிறு வீடியோக்களாக எடுத்து இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் போட நினைக்கிறார். உயரம் 160 செ.மீ. பெரும்பாலோருக்கு இரண்டு கைகளையும் நீட்டினால் விரல்நுனிக்கும் விரல்நுனிக்கும் இடையிலான தூரம் அவரவர் உயரத்தை ஒட்டியே இருக்கும். ஆக, கை நீட்டி நிற்கும் நர்த்தகி ஒரு சதுரத்துக்குள் அடங்குவார். அரைமண்டியில் அமர்ந்துவிட்டால் உயரம் இன்னும் குறைகிறது, முட்டிகள் இருபுறமும் விரிகின்றன, உருவம் உயரத்தைவிட அகலமாகிவிடுகிறது. நாட்டடவில் ஒரு காலைப் பக்கவாட்டில் நீட்டிக் குதிகாலை ஊன்றும்போது இன்னும் அகலம் வேண்டும். நின்ற இடத்திலேயே ஆடினாலும் 2 மீட்டர் அகலமாவது ஃப்ரேமுக்குள் இருந்தாக வேண்டும். நெட்டை ஃப்ரேமில் நடனம் எடுப்பதில் உள்ள சிக்கல் எல்லாம் இந்த 2 மீட்டரிலிருந்துதான் தொடங்குகிறது.

9:16 ஃப்ரேமில் 2 மீட்டர் அகலம் வேண்டுமென்றால் உயரம் தானாக மூன்றரை மீட்டருக்கு மேல் போய்விடும். 10 அடி உயரக் கூரை உள்ள சாதாரண அறையின் முழு உயரமே 3 மீட்டர்தான். பெரும்பாலான போன்களின் வழக்கமான லென்ஸை வைத்து, இந்த அகலம் கிடைக்க இரண்டரை மீட்டரிலிருந்து மூன்று மீட்டர் வரை பின்னால் போக வேண்டியிருக்கும். போனதும் ஃபேன், டியூப்லைட், மூலையில் அடுக்கிய நாற்காலிகள் எல்லாம் ஃப்ரேமுக்குள் வந்துவிடும். நர்த்தகி ஃப்ரேம் உயரத்தில் பாதியைக்கூட நிரப்ப மாட்டார். இடம் போதவில்லை என்று சிலர் 0.5 என்று காட்டும் அகலக் கோண லென்ஸுக்கு மாற்றிக்கொள்கிறார்கள். அந்த லென்ஸ் ஓரத்தில் இருப்பதை இழுத்து நீட்டும். நடனத்தில் ஓரத்தில் இருப்பது கைகள். முத்திரை பிடித்த விரல்கள் இயல்புக்கு மீறி நீண்டு தெரிந்தால் கற்றுக்கொள்ளும் மாணவி எதைப் பார்த்துத் திருத்திக்கொள்வாள்?

இதைவிடப் பெரிய சேதம் கீழே நடக்கிறது. ரீல்ஸில் வீடியோ தனியாக ஓடுவதில்லை. அதன் மேலேயே கணக்கின் பெயர், நாம் எழுதிய குறிப்பு, பாட்டின் பெயர், வலப்பக்கம் லைக், கமெண்ட், ஷேர் பொத்தான்கள் எல்லாம் உட்கார்ந்துகொள்கின்றன. விளம்பர ரீல்ஸ் தயாரிப்பவர்களுக்கு மெட்டா நிறுவனம் தரும் வழிகாட்டலில், ஃப்ரேமின் மேலே 14 சதவீதம், கீழே 35 சதவீதம், இரு பக்கமும் 6 சதவீதம் இடத்தில் முக்கியமான எதையும் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். விளம்பரத்தில் கூடுதலாக ஒரு பொத்தான் வருவதால் கீழ்ப்பகுதி கணக்கு கொஞ்சம் தாராளமானது. ஆனாலும் சாதாரண ரீலுக்கும் அதையே பின்பற்றுவது பாதுகாப்பு. 1080க்கு 1920 பிக்ஸல் கொண்ட ஃப்ரேமில் இவற்றைக் கழித்துப் பாருங்கள். மிஞ்சுவது ஏறக்குறைய 950 பிக்ஸல் அகலமும் 980 பிக்ஸல் உயரமும். நெட்டை வீடியோ என்று நாம் எடுப்பதில் எதுவும் மறைக்காமல் தெரியும் இடம் கிட்டத்தட்ட ஒரு சதுரம்! அந்தச் சதுரமும் ஃப்ரேமின் நடுவில் இல்லை, நடுவுக்குச் சற்று மேலே இருக்கிறது.

நம் ஆசிரியை போனை டிரைபாடில் மாட்டி, வழக்கம்போல நெஞ்சு உயரத்தில், அதாவது 120 செ.மீ. உயரத்தில், சாய்க்காமல் நேராக வைக்கிறார் என்று கொள்வோம். ஃப்ரேமின் நடுக்கோடு அவர் நெஞ்சில் இருக்கும். தலைக்கு மேலே தேவையில்லாத வெற்றிடம். பாதங்களோ ஃப்ரேமின் அடிப்பாகத்தில், குறிப்பு எழுத்துகள் வந்து விழும் இடத்தில் இருக்கும். கணக்குப் போட்டால் முட்டிக்குச் சற்று மேலிருந்து பாதம் வரை எல்லாமே அந்த 35 சதவீதத்துக்குள் போய்விடுகிறது. தட்டடவு சொல்லித்தரும் வீடியோவில் தட்டும் பாதமே எழுத்துக்கு அடியில் மறைந்துபோகிறது. எடுத்தபோது போன் கேமராவில் எல்லாம் அழகாகத் தெரிந்திருக்கும். பதிவேற்றிய பிறகு பார்த்தால்தான் தெரியும்.

இதற்குப் பலர் செய்வது போனைக் கீழ்நோக்கிச் சாய்ப்பது. அப்படிச் சாய்த்தால் தலை பெரிதாகவும் கால்கள் குட்டையாகவும் தெரியும், அரைமண்டியின் ஆழம் கண்ணுக்குத் தப்பிவிடும். சாய்க்காமல் போனையே கீழே இறக்குவதுதான் சரியான வழி. 40 முதல் 45 செ.மீ. உயரமுள்ள ஒரு சிறிய ஸ்டூல் மேல், அதாவது ஏறக்குறைய முட்டி உயரத்தில், போனை நேராக நிறுத்த வேண்டும். ஃப்ரேமின் நடுக்கோடு இப்போது முட்டியில் இருக்கும். பாதங்கள் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே வந்துவிடும். தலை, மேலே விட வேண்டிய 14 சதவீதத்துக்குக் கீழேயே நின்றுவிடும். நீட்டிய கைகள் ஃப்ரேம் அகலத்தில் ஐந்தில் நான்கு பங்கை எடுத்துக்கொள்ளும். அடிப்பாகம் முழுவதும் ஆடுபவருக்கு முன்னால் இருக்கும் வெறும் தரை. பெயரும் குறிப்பும் பாட்டு விவரமும் அந்தத் தரையின் மேல் வந்து அமர்ந்துகொள்ளட்டும், யாருக்கும் நஷ்டமில்லை. கைகளைத் தலைக்கு மேல் தூக்கும் நொடியில் மட்டும் விரல்கள் மேல் ஓரப் பகுதிக்குள் போய் வரும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் ஒவ்வொரு முறையும் அளந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. போன் கேமராவின் செட்டிங்ஸில் கிரிட் என்று ஒன்று இருக்கும். அதை இயக்கினால் திரையில் குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு என்று மெல்லிய கோடுகள் வரும், ஃப்ரேம் ஒன்பது கட்டங்களாகப் பிரியும். கீழேயுள்ள குறுக்குக் கோடு, நாம் தவிர்க்க வேண்டிய 35 சதவீத எல்லைக்கு மிக அருகில் இருக்கிறது. பாதம் அந்தக் கோட்டுக்கு மேலேயே இருக்க வேண்டும். தலை, மேல் கட்ட வரிசையின் பாதிக்குமேல் ஏறக்கூடாது. ஆடும் இடத்தின் இரு எல்லையிலும் தரையில் டேப் ஒட்டிவிட்டால், ஆட்ட மும்முரத்தில் மாணவி ஃப்ரேமை விட்டு நழுவுவதும் குறையும். இன்னொரு சோதனையும் எளிதுதான். யாருடைய ரீலையாவது திறந்து ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, எடிட்டிங் ஆப்பில் நம் வீடியோவின் மேல் பாதி வெளிப்படையாக வைத்துப் பாருங்கள். எந்த எழுத்து எந்த அங்கத்தின் மேல் விழுகிறது என்பது பதிவேற்றும் முன்பே தெரிந்துவிடும்.

அட்டைப்படத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. இன்ஸ்டாகிராம் 2010இல் வந்தபோது சதுரத்தை மட்டுமே ஏற்றது. 2015 ஆகஸ்டில்தான் மற்ற வடிவங்களை அனுமதித்தது. அதன் பிறகும் புரொஃபைல் பக்கத்தின் கட்டங்கள் பல ஆண்டுகள் சதுரமாகவே இருந்தன. 2025 தொடக்கத்தில் அவற்றை 3:4 என்ற நெட்டைக் கட்டங்களாக மாற்றினார்கள். 9:16 அட்டைப்படத்தை அந்தக் கட்டத்துக்குள் அடக்கும்போது மேலே எட்டில் ஒரு பங்கும் கீழே எட்டில் ஒரு பங்கும் வெட்டுப்படும். அடவின் பெயரை அட்டைப்படத்தின் உச்சியில் எழுதி வைத்தால் புரொஃபைலில் அது பாதி எழுத்தாகத்தான் நிற்கும். பெயரைத் தலைக்குப் பக்கத்தில், உச்சியிலிருந்து நன்றாகத் தள்ளி எழுதினால் ரீலாக ஓடும்போதும் கட்டத்தில் இருக்கும்போதும் முழுதாகத் தெரியும்.

இவ்வளவு சிரமப்படுவதற்குப் பதில் சதுரமாகவே எடுத்துப் போடலாமே என்று தோன்றும். போடலாம். ஆடுபவர் அளவு கொஞ்சமும் குறையாது, ஏனென்றால் அகலம் அதே அகலம். ஆனால் ரீல்ஸ் பக்கத்திலும் ஷார்ட்ஸ் பக்கத்திலும் சதுர வீடியோவுக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை நிற்கும். ஒவ்வொரு வீடியோவும் திரை முழுக்க ஓடும் இடத்தில் இது துண்டாகத் தெரியும். ஓரம் கட்டிய வீடியோக்களைத் தவிர்க்கும்படி 2021இல் இன்ஸ்டாகிராம் தன் படைப்பாளிகளிடம் அறிவுறுத்தியும் இருக்கிறது. கறுப்புக்குப் பதில் அதே வீடியோவை மங்கலாக்கிப் பின்னால் நிரப்பும் வழக்கம் ஒன்று இருக்கிறது. நடனத்துக்கு அதைச் செய்யாதீர்கள். ஆடுபவருக்கு மேலும் கீழும் அதே அசைவு கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தால் கண் எங்கே நிற்கும்? அடவு கற்பிக்கும் வீடியோவுக்கு என் தேர்வு, முட்டி உயரத்தில் வைத்து எடுத்த நெட்டை ஃப்ரேம்தான். ஏற்கெனவே எடுத்த பழைய மேடைப் பதிவுகளிலிருந்து சிறு துண்டு எடுத்துப் போடும்போது மட்டும் சதுரத்தை ஒற்றை வண்ணப் பின்னணியில், நடுவுக்கு மேலே ஏற்றி வைக்கலாம்.

நெட்டை வடிவத்துக்கென்றே பிறந்ததுபோல ஒன்று நாட்டியத்தில் உண்டு, அது அபிநயம். பதத்துக்கு இடுப்புக்கு மேல் மட்டும் எடுத்தால் போதும். முகமும் நெஞ்சருகே வரும் கைகளும் ஒரு மீட்டருக்கும் குறைவான அகலத்தில் அடங்கிவிடும். போனை அருகில் கொண்டுபோகலாம், கண் அசைவு வரை தெரியும். இங்கே முகம் அந்த மறைவில்லாச் சதுரத்தின் மேல் பாதியிலும் கைகள் கீழ்ப் பாதியிலும் விழும்படி வைத்தால், படுக்கைவாக்கு ஃப்ரேமில் ஒருபோதும் கிடைக்காத நெருக்கம் கிடைக்கிறது. ஒரே ஆசிரியை அடவுக்கு ஒரு தூரத்திலும் அபிநயத்துக்கு வேறொரு தூரத்திலும் வைத்து எடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் போனை வைத்து எடுத்துவிட்டு, பின்னால் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு முகம் மங்கிப்போகும்.

யூடியூபில் வடிவம் இன்னொரு விஷயத்தையும் தீர்மானிக்கிறது. 2024 அக்டோபர் 15 முதல் பதிவேற்றப்படும் வீடியோ சதுரமாகவோ நெட்டையாகவோ இருந்து, 3 நிமிடத்துக்குள் முடிந்தால், அது ஷார்ட்ஸ் கணக்கில் சேர்ந்துவிடும். அதே 3 நிமிடம் படுக்கைவாக்கில் இருந்தால் வழக்கமான வீடியோ. நடனக்காரர்களுக்கு இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஷார்ட்ஸ் நீளத்தை 3 நிமிடமாக்கியபோது யூடியூப் சேர்த்துச் சொன்ன விதி இது: 1 நிமிடத்தைத் தாண்டிய ஷார்ட்ஸில் உள்ள இசைக்குக் காப்புரிமை உரிமைகோரல் வந்தால் அந்த வீடியோ தடுக்கப்படும். வழக்கமான வீடியோவுக்கு அதே உரிமைகோரல் வந்தால், பெரும்பாலும் விளம்பர வருமானம் இசை உரிமையாளருக்குப் போகுமே தவிர வீடியோ ஓடிக்கொண்டிருக்கும். ஒரு நிறுவனம் வெளியிட்ட ஒலிப்பதிவுக்கு இரண்டு நிமிடம் ஆடி நெட்டையாகப் போட்டவருடைய வீடியோ காணாமல் போவதும், அதே ஆட்டத்தைப் படுக்கைவாக்கில் போட்டவருடையது நிற்பதும் இதனால் நடக்கக்கூடியவை. பதிவு செய்த இசைக்கு ஆடும் நெட்டை வீடியோவை ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். அல்லது நட்டுவாங்கத்தை நீங்களே சொல்லி, தட்டுக்கழி ஓசையோடு எடுங்கள். அடவு வீடியோவுக்கு அதைவிடப் பொருத்தமான ஒலியும் வேறு இல்லை.

ஐந்து பேர் வரிசையில் நின்று ஆடும்போது நெட்டை ஃப்ரேம் கைகொடுக்காது. ஒருவருக்கு ஒருவர் கை தட்டாத இடைவெளி விட்டால் 8 மீட்டர் அகலமாவது வேண்டும். நிமிர்த்திய போனில் ஒவ்வொருவரும் ஒரு விரற்கடை அகலத்துக்குத்தான் தெரிவார்கள், எந்த வடிவத்தில் எடுத்தாலும் அதுதான் நிலை. படுக்கைவாக்கில் எடுத்து யூடியூபின் வழக்கமான வீடியோவாகப் போட்டால், பார்ப்பவர் போனைத் திருப்பிக்கொள்ளலாம். திருப்பியதும் ஒவ்வொருவர் உருவமும் முக்கால் பங்குக்கு மேல் பெரிதாகும். டிவியில் பார்ப்பவருக்குத் திரை முழுக்க மேடை தெரியும். நெட்டை வீடியோவை டிவியில் போட்டால் திரையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில், நடுவில் ஒரு தூண்போல நிற்கும். குழு நடனத்தை ரீலாகத்தான் போட வேண்டும் என்றால், வரிசையைக் கலைத்து ஒருவர் முன்னால், இருவர் நடுவில், இருவர் பின்னால் என்று ஆழத்தில் நிறுத்துங்கள். வேண்டிய அகலம் பாதியாகக் குறைந்துவிடும்.

படுக்கைவாக்கில் 4கே தரத்தில் எடுத்துவிட்டால் அதிலிருந்தே எல்லா வடிவத்தையும் வெட்டிக்கொள்ளலாமே என்று எடிட்டிங் தெரிந்தவர்கள் சொல்வார்கள். பிக்ஸல் கணக்கில் அது உண்மைதான். 3840க்கு 2160 பிக்ஸல் கொண்ட அந்தப் படத்தின் நடுவிலிருந்து 9:16 துண்டு வெட்டினால் 1215 பிக்ஸல் அகலம் கிடைக்கும். ரீலுக்கு வேண்டிய 1080ஐவிட அதிகம். சாதாரண 1080 தரத்தில் எடுத்ததிலிருந்து வெட்டினால் 608 பிக்ஸல்தான் மிஞ்சும், அதை இழுத்துப் பெரிதாக்கும்போது சலங்கை மணிகள் ஒன்றோடொன்று கலந்து மங்கிவிடும். ஆக, தெளிவுக்கு 4கே உதவுகிறது. கைகளுக்கு உதவுவதில்லை. 2 மீட்டர் உயரம் தெரியும்படி எடுத்த படத்தில் அந்த நெட்டைத் துண்டு 113 செ.மீ. அகலத்தைத்தான் காட்டும். நீட்டிய கைகள் இரண்டும் முழங்கைக்கு அப்பால் வெட்டுப்படும். நடனத்தை வெட்டிச் சேர்க்க நினைப்பவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. இரண்டு தளத்துக்கும் வேண்டுமென்றால் இரண்டு முறை ஆடி எடுப்பதோ, இரண்டு போன்களை வைப்பதோதான் வழி. ஒரு போன் படுக்கைவாக்கில் ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் நின்றாலே 2 மீட்டர் அகலம் தெரிந்துவிடும் என்றாலும், உயரமும் அடங்க அதையும் மூன்று மீட்டர் அளவில் பின்னால் தள்ளித்தான் வைக்க வேண்டும். ஆகவே இரண்டு போன்களும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கலாம்.

ரெக்கார்ட் பொத்தானை அழுத்தும் நொடியில் போன் எப்படி இருக்கிறதோ, அந்த வாக்கில்தான் முழு வீடியோவும் பதிவாகும். பாதியில் திருப்பினால் வடிவம் மாறாது, படம்தான் சாய்ந்துபோகும். முத்திரைகளைக் காட்ட மேலிருந்து நேர்கீழாகப் போனைப் பிடித்து எடுக்கும்போது, எந்தப் பக்கம் மேல் என்று போனுக்கே தெரியாமல் வடிவம் மாறிப் பதிவாவது உண்டு. முதலில் போனை நிமிர்த்திப் பிடித்து, திரையிலுள்ள குறியீடுகள் நிமிர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழ்நோக்கித் திருப்புங்கள், பிறகு அழுத்துங்கள்.

அரங்கேற்றத்துக்கு வரும் பெற்றோருக்கும் உறவினருக்கும் ஒரு வேண்டுகோள். இரண்டு மணி நேர நிகழ்ச்சியை முன்வரிசையில் அமர்ந்து நெட்டையாக எடுக்காதீர்கள். மேடையின் குறுக்கே நகரும் பிள்ளையைத் துரத்தித் துரத்தி போன் ஆடும், பக்கவாத்தியக்காரர்கள் யாரும் பதிவில் இருக்க மாட்டார்கள், பத்து வருடம் கழித்து டிவியில் போட்டுப் பார்க்கும்போது நடுவில் ஒரு தூண்தான் தெரியும். டிரைபாடில் படுக்கைவாக்கில், 4கே தரத்தில், முழு மேடையும் தெரியும்படி நிறுத்திவிடுங்கள். ஸ்டேட்டஸுக்கு வேண்டிய முப்பது விநாடியை, பிள்ளை ஓரிடத்தில் நின்று அபிநயம் பிடிக்கும் இடத்தில் நெட்டையாக வெட்டிக்கொள்ளலாம்.